நினைவுக் கூட்டத்துக்கு மூன்று நிமிடக் காணொளி: எழுதிய உரை விளம்பரம் போல இருக்கிறது, எப்படித் திருத்துவது?

நீலலிட்மஸ்

வணக்கம். எங்கள் துறையின் ஆய்வக உதவியாளர் கடந்த மாதம் காலமானார். வயது 58. அதில் 31 ஆண்டுகள் ஒரே வேதியியல் ஆய்வகத்தில். இங்கே வேலை பார்க்கும் ஆசிரியர்களில் பாதிப் பேர் மாணவர்களாக இருந்தபோது பியூரெட் பிடிக்கக் கற்றுக்கொண்டது அவரிடம்தான், நானும் அதில் ஒருவன். எல்லோருக்கும் அவர் 'அண்ணன்'.

அடுத்த சனிக்கிழமை நினைவுக் கூட்டம். அங்கே ஓட்ட மூன்று, மூன்றரை நிமிடத்தில் ஒரு காணொளி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எடிட்டிங் ஓரளவு தெரியும். இந்த மாதிரி ஒன்றைச் செய்ததில்லை. பின்னணி உரையை எழுதி வீட்டில் வாசித்துக் காட்டினேன். "மாணவர் சேர்க்கை விளம்பரம் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரி என்று எனக்கும் படுகிறது, ஆனால் எந்த இடத்தில் தப்பு என்று பிடிபடவில்லை. உரையின் ஒரு பகுதி:

> மலர்ந்த முகம், மாசற்ற உள்ளம், மலைபோன்ற உழைப்பு! முப்பத்தொரு ஆண்டுகள் எங்கள் கல்லூரியின் வளர்ச்சிப் பாதையில் தூணாக நின்ற எங்கள் அன்பு அண்ணன் இன்று எங்களோடு இல்லை. ஈடு செய்ய முடியாத இழப்பு. நவீன வசதிகளும் அனுபவமிக்க ஆசிரியர்களும் கொண்ட எங்கள் துறையை உருவாக்கியதில் அவர் பங்கு மகத்தானது. அவர் காட்டிய வழியில் எங்கள் கல்லூரி தொடர்ந்து வெற்றிநடை போடும்.

இப்படியே ஏறத்தாழ 280 சொற்கள். படங்கள் 42. அவர் மனைவியும் மகளும் முன்வரிசையில் உட்காருவார்கள். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

கவிக்கூடு

ஆழ்ந்த இரங்கல். என்னிடம் இரங்கற்பா மாதிரிகள் நிறைய உண்டு. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். எட்டு வரி, பன்னிரண்டு வரி இரண்டும் இருக்கின்றன. மேடையில் யாராவது வாசிக்கலாம். வேண்டுமானால் அனுப்புகிறேன்.

நீலலிட்மஸ்

நன்றி கவிக்கூடு. எனக்குத் தேவைப்படுவது மேடையில் வாசிக்க அல்ல, படங்களின் மேல் ஓடும் உரை. பெயரை மாற்றினால் இன்னொருவருக்கும் பொருந்துகிற மாதிரி இருப்பதுதான் இப்போது என்னிடம் இருக்கிற சிக்கலே.

தாழ்வாரம்

இரண்டு வேலை செய்யுங்கள், சரியாகிவிடும். ஒன்று, உரிச்சொற்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அன்பு, மாசற்ற, மகத்தான, ஒன்றுகூட இருக்கக்கூடாது. இரண்டு, எல்லாவற்றையும் மெதுவாக்குங்கள். ஒவ்வொரு படமும் 10 நொடி, ஒரே அளவு, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்லக் கரைய வேண்டும். அசையும் காட்சிகள் இருந்தால் பாதி வேகத்தில் ஓட்டுங்கள். மெதுவாக இருந்தாலே மரியாதை வந்துவிடும்.

வெட்டுமேசை

இந்த வகைக் காணொளிகளைப் பல ஆண்டுகளாக வெட்டித் தருகிறேன். தாழ்வாரம் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், மீதியைப் பிறகு சொல்கிறேன். முதலில் உரை.

நீலலிட்மஸ், நீங்கள் போட்ட பகுதியில் 'எங்கள்', 'எங்களோடு' என்று ஐந்து முறை வருகிறது. 'அவர்' இரண்டே முறை. வாக்கியம் வாக்கியமாக எழுவாயைப் பாருங்கள். கடைசி வாக்கியத்தில் வெற்றிநடை போடுவது யார்? கல்லூரி. அதற்கு முந்தைய வாக்கியத்தில் கேட்பவர் மனதில் நிற்பது எது? நவீன வசதி, அனுபவமிக்க ஆசிரியர்கள். அண்ணன் அந்த வாக்கியத்துக்குள் ஒரு 'பங்கு'. விளம்பர வாடை உரிச்சொல்லால் வரவில்லை, எழுவாயால் வருகிறது. உரிச்சொற்களை எல்லாம் நீக்கிவிட்டு "எங்கள் துறையை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு" என்று எழுதினாலும் அது துறையைப் பற்றிய வாக்கியம்தான்.

நான் செய்கிற சோதனை இது. நிறுவனத்தின் பெயர் வருகிற இடத்தை எல்லாம் அடித்துவிட்டு வாசித்துப் பார்ப்பேன். வாக்கியம் நின்றால் அது அவரைப் பற்றியது. விழுந்துவிட்டால் எடுத்துவிடுவேன். உங்கள் கடைசி வாக்கியம் மொத்தமாக விழுந்துவிடும். அவர் எங்கே வேலை செய்தார் என்று தெரிய வேண்டுமே, அதற்குக் கல்லூரியின் பெயர் ஒரு முறை வந்தால் போதும்.

அப்புறம், எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு வேலை. பாராட்டு எதுவும் கலக்காமல், கண்ணால் பார்த்த மூன்று நான்கு விஷயங்களை எழுதி இங்கே போடுங்கள். அவர் வந்ததும் முதலில் என்ன செய்வார், எதை யாரும் தொடக்கூடாது என்பார், கை எங்கே இருக்கும், இந்த மாதிரி. அதிலிருந்து எழுதலாம்.

பிழைதிருத்தி

'எங்கள்' பற்றி ஒன்று சேர்க்கிறேன். "எங்களோடு இல்லை" என்று சொன்னால் தமிழில் கேட்பவர் அதற்கு வெளியே போய்விடுகிறார். முன்வரிசையில் அவர் மனைவி உட்கார்ந்திருக்கும்போது ஒலிபெருக்கி "எங்கள் இழப்பு" என்கிறது. அவருடைய இழப்பு எங்கே போயிற்று? 'நாம்', 'நம்' என்றால் அவர்களும் உள்ளே வருவார்கள். ஆனால் 'நம் இழப்பு' என்று சொல்லவும் எனக்குத் தயக்கம்தான். கல்லூரியின் இழப்பும் குடும்பத்தின் இழப்பும் ஒரே தட்டில் வைக்கிற அளவா? இரண்டையும் விட்டுவிட்டு அவரைப் பற்றி மட்டும் பேசுவது நல்லது.

இறப்பைச் சொல்லும் சொல்லையும் யோசியுங்கள். இறைவனடி சேர்ந்தார், இயற்கை எய்தினார் இரண்டும் நம்பிக்கை சார்ந்த சொற்கள். குடும்பம் தங்கள் அறிவிப்பில் எந்தச் சொல்லைப் போட்டதோ அதையே போடுங்கள். அது தெரியாவிட்டால் 'காலமானார்' போதும்.

நீலலிட்மஸ்

எழுவாயை எண்ணிப் பார்த்தபோது முகம் சூடாகிவிட்டது. மிக்க நன்றி. குடும்பம் போட்ட அறிவிப்பில் 'காலமானார்' என்றுதான் இருக்கிறது.

கேட்டபடி எழுதுகிறேன். ஆய்வகச் சாவி எப்போதும் அவரிடம்தான் இருக்கும். காலை எட்டு மணிக்குத் திறப்பார். முதலில் ஜன்னல்கள், பிறகு எரிவாயுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டு மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். புட்டிகளில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டுகள் எல்லாம் அவர் கையெழுத்து. அச்சடித்த சீட்டு வந்த பிறகும் கையால்தான் எழுதினார்.

உடைந்த கண்ணாடிப் பொருள்களுக்கு ஒரு பதிவேடு உண்டு. நேற்று அதைப் புரட்டிப் பார்த்தேன். தேதி, பொருள், அளவு எல்லாம் சுத்தமாக எழுதியிருக்கிறார். 'உடைத்தவர் பெயர்' என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக வெறும் கோடு. என் முதலாம் ஆண்டில் நான் உடைத்த 250 மில்லி குடுவையைத் தேடினேன். இருந்தது. எனக்கும் கோடுதான்.

முதல் முறை அமிலத்தைக் கையில் எடுக்கும் மாணவர் பக்கத்தில் போய் நிற்பார். ஒன்றும் பேசமாட்டார். கை நடுக்கம் நின்றதும் நகர்ந்துவிடுவார்.

வீட்டில் எப்படி என்று மகளிடம் கேட்டேன். "அப்பா வீட்டிலும் எதையும் அளந்துதான் ஊற்றுவார்" என்றார்.

வெட்டுமேசை

உரை முடிந்துவிட்டது. நீங்கள் இப்போது எழுதியதுதான் உரை. கொஞ்சம் இடம் மாற்றி, சில வரிகளைக் குறைத்தேன், அவ்வளவே:

> வேதியியல் ஆய்வகத்தின் சாவி 31 ஆண்டுகள் அவரிடம் இருந்தது.
>
> காலை எட்டு மணிக்குத் திறப்பார். முதலில் ஜன்னல்கள். பிறகு எரிவாயுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார்.
>
> புட்டிகளின் மேல் இருப்பது அவருடைய கையெழுத்து.
>
> முதல் முறை அமிலத்தை எடுக்கும் மாணவர் பக்கத்தில் போய் நிற்பார். ஒன்றும் பேசமாட்டார். கை நடுக்கம் நின்றதும் நகர்ந்துவிடுவார்.
>
> உடைந்த கண்ணாடிக்கு ஒரு பதிவேடு வைத்திருந்தார். என்ன உடைந்தது என்று எழுதுவார். யார் உடைத்தார்கள் என்ற கட்டத்தில் ஒரு கோடு போடுவார்.
>
> வீட்டிலும் எதையும் அளந்துதான் ஊற்றுவார் என்று மகள் சொன்னார்.
>
> கடந்த மாதம் காலமானார்.

அதற்குப் பிறகு குரல் வேண்டாம். பெயர், பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு. பதிவேட்டுக் கோட்டைச் சொன்ன பிறகு "அத்தனை பெருந்தன்மை அவருக்கு" என்று ஒரு வரி சேர்க்கக் கை வரும். சேர்க்காதீர்கள். கேட்பவர் தானாகப் போய்ச் சேரவேண்டிய இடம் அது, அரங்கில் பாதிப் பேர் கண்ணாடி உடைத்தவர்கள்தானே.

தாழ்வாரம்

இது அறுபது, அறுபத்தைந்து சொல்தான் இருக்கிறது. மூன்று நிமிடத்துக்குப் போதுமா? வேகமாக வாசித்தால் முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். இன்னொன்று, இறந்தவரைப் பற்றி 'திறப்பார்', 'நிற்பார்' என்று எழுதினால் குழப்பமாக இருக்காதா? 'திறந்தார்', 'நின்றார்' என்றுதானே வரவேண்டும்?

பிழைதிருத்தி

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். 'திறந்தார்' என்றால் ஒரு நாள் திறந்தார் என்று ஆகும். 'திறந்து வந்தார்' என்றால் ஆண்டறிக்கை. 'திறப்பது வழக்கம்' என்றால் அலுவலகக் குறிப்பு. வழக்கமாகச் செய்ததைச் சொல்ல நாம் 'திறப்பார்' என்றுதான் சொல்கிறோம், ஆள் இல்லாத பிறகும். "தாத்தா சாப்பிட்டதும் ஒரு நடை நடப்பார்" என்று இறந்துபோன தாத்தாவைப் பற்றித்தானே சொல்கிறோம்? ஆள் கண்முன் நிற்கிற மாதிரி இருக்கும், அதே சமயம் எந்த மிகையும் இல்லை. தமிழ் தானாகத் தருகிற வசதி இது.

ஒரே ஒரு நிபந்தனை. காலம் எது என்று முதலில் ஒரு இறந்தகால வினை சொல்லியிருக்க வேண்டும். "சாவி 31 ஆண்டுகள் அவரிடம் இருந்தது" என்ற முதல் வரி அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அதை எடுத்துவிட்டு 'திறப்பார்' என்று தொடங்கினால் தாழ்வாரம் சொல்கிற குழப்பம் வரும்.

வெட்டுமேசை

முதல் கேள்விக்கு நான். இரங்கல் உரைக்கு நிமிடத்துக்கு 70 சொல் என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் குரல் ஒரு நிமிடத்துக்குள். காணொளி 3 நிமிடம் 20 நொடி, அதாவது 200 நொடி. மீதி 140 நொடியும் படமும் ஒலியும் மட்டும். இது குறை அல்ல, நிதானம் இருப்பதே அந்த இடத்தில்தான். நீலலிட்மஸின் பழைய 280 சொல்லை 200 நொடியில் வாசித்தால் மூச்சுவிட இடமிருக்காது. படத்தை எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் காணொளி வேகமாகத்தான் தெரியும்.

தாழ்வாரம் சொன்னதில் நான் ஒப்புக்கொள்ளாத பாதி இதுதான். எல்லாவற்றையும் ஒரே மெதுவில் வைத்தால் நிதானம் வராது, நான்காவது படத்திலேயே அடுத்தது எப்போது மாறும் என்று உடம்பு எண்ணத் தொடங்கிவிடும். தனி முகம் என்றால் 7 நொடி போதும். குழுப்படம் என்றால் 12 நொடியாவது வேண்டும். பார்ப்பவர் முதலில் அவரைத் தேடுவார், பிறகு தன்னைத் தேடுவார். அவரைச் சுற்றி வட்டம் போடுவதோ முகத்தை நோக்கி விறுவிறுவென்று நெருங்குவதோ வேண்டாம். தேடட்டும்.

வாக்கியம் முடிந்ததும் படம் மாறக்கூடாது. முடிந்த பிறகும் அதே படம் நான்கைந்து நொடி நிற்கட்டும், அதற்குப் பிறகு மாறட்டும். படமும் சொல்லும் ஒன்றாக முடிந்தால் விளம்பரத் தாளம் வந்துவிடும். கரைதல் ஒன்றரை முதல் இரண்டு நொடி. அசைவு வேண்டுமென்றால் 10 நொடியில் படத்தின் அளவு 100 விழுக்காட்டிலிருந்து 104, அதற்கு மேல் போகவேண்டாம். கடைசிப் படம் அசையவே கூடாது. அசையும் காட்சியைப் பாதி வேகத்தில் ஓட்டும் யோசனையையும் விட்டுவிடுங்கள். அவர் நடை எப்படி என்று அந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். வேகத்தை மாற்றினால் வேறு யாரோ நடக்கிற மாதிரி இருக்கும்.

42 படங்களை 18 ஆக்குங்கள். முதலிலும் கடைசியிலும் சேர்த்து 25 நொடியை எடுத்துவிட்டால் 18 படங்களுக்குச் சராசரி 9, 10 நொடி கிடைக்கும். 42 வைத்தால் ஒன்றுக்கு நான்கு நொடிதான், அதில் பாதி கரைதலிலேயே போய்விடும்.

மழைக்குறிப்பு

படங்களைக் குறைப்பது பற்றிப் பேசுவதால் சொல்கிறேன். அம்மா போன பிறகு நான் ஒரு காணொளி செய்தேன். படங்களை வயது வரிசையில் அடுக்கினேன். வரிசைப்படி கடைசிப் படம் மருத்துவமனைக் கட்டிலில் எடுத்தது. அதில் அம்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள், அதனால் வைத்தேன். ஓடும்போது தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். அவனுக்கு அந்த அறையின் நினைவு வேறு, எனக்கு வேறு. யாரிடமும் முன்னால் காட்டாமல் ஓட்டியது என் தவறு. இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

உங்கள் அண்ணனின் நோய்க்காலப் படம் ஏதாவது அந்த 42இல் இருக்கிறதா?

நீலலிட்மஸ்

இருக்கிறது, இரண்டு. உடம்பு மெலிந்தபிறகு துறையில் எடுத்தவை. எடுத்துவிட்டேன். சொன்னதற்கு நன்றி. வரிசையையும் மாற்றிவிட்டேன். வயதுப்படி போகாமல் உரை போகிற வழியில் போகிறது: கதவு, ஜன்னல், புட்டிகள், மாணவர்கள், பதிவேடு, வீடு. இளமைப் படம் ஒன்று வீட்டுப் பகுதியில் வருகிறது.

இன்னொரு சிக்கல். முதல்வர் அலுவலகத்திலிருந்து தொடக்கத்திலும் முடிவிலும் கல்லூரி முத்திரை வேண்டும் என்கிறார்கள். முடிவில் இணையதள முகவரியும்.

வெட்டுமேசை

முகவரிக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். பெயரும் ஆண்டும் வந்த திரைக்கு அடுத்ததாக எந்தத் திரை வந்தாலும், அதற்கு முன்னால் ஓடிய மூன்று நிமிடமும் அதற்கான முன்னுரை ஆகிவிடும். முத்திரையும் அப்படித்தான்.

தாழ்வாரம்

இதில் நான் வேறு பக்கம். 31 ஆண்டு அந்த முத்திரை போட்ட அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தவர். குடும்பத்துக்கு அது பெருமையாக இருக்கலாம். நிறுவனத்தின் பெயர் இல்லாமல் ஓட்டினால் "இவ்வளவு காலம் உழைத்த இடத்துக்கு இவர் பெயரோடு நிற்க மனமில்லையா" என்று அவர்களுக்குத் தோன்றாதா? விளம்பரம் என்று பயந்து நன்றியையும் சேர்த்து வெட்டிவிடக்கூடாது.

பிழைதிருத்தி

தாழ்வாரம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் முத்திரை திரையில் தனியாக வராமல் அவர் கழுத்தில் வரட்டும். அடையாள அட்டையோடு இருக்கும் படம் ஒன்று 18இல் இருந்தால் போதுமே.

வெட்டுமேசை

அது நல்ல வழி. ஆனாலும் தாழ்வாரம் கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. குடும்பம் முத்திரையை விரும்பி நானே சேர்த்த காணொளிகளும் உண்டு. அவர்களைக் கேட்காமல் நாம் இங்கே முடிவு செய்ய முடியாது.

பின்வரிசை

அரங்குகளில் ஒலி, திரை பார்க்கிறவன் நான். எடிட்டிங் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். அரங்கில் கெடுகிற விஷயங்களைச் சொல்கிறேன்.

நீங்கள் வைத்திருக்கும் 140 நொடி மௌனத்தில் எந்த ஒலியும் இல்லாவிட்டால் ஒலிபெருக்கி செத்துவிட்டது என்று நினைத்துப் பாதி அரங்கு திரும்பி என்னைப் பார்க்கும். யாருமில்லாத நேரத்தில் அந்த ஆய்வகத்துக்குப் போய், ஜன்னலைத் திறந்துவிட்டு, கைபேசியை மேசைமேல் வைத்து நான்கு நிமிடம் சும்மா பதிவு செய்யுங்கள். மின்விசிறி, வெளியே நடக்கிற சத்தம், அவ்வளவுதான். அதை மெலிதாகக் காணொளி முழுக்க அடியில் ஓட்டுங்கள். அவர் 31 ஆண்டு கேட்ட சத்தம் அது. இசையே இல்லாவிட்டாலும் இது தாங்கும்.

இசை போட்டே ஆகவேண்டும் என்றால் பாட்டு வரி இல்லாததாக எடுங்கள், குரலுக்குக் கீழே 18 டெசிபல் அளவாவது இறக்கி வையுங்கள். "காலமானார்" என்ற வரிக்கு முன்பே இசை நின்றுவிட வேண்டும். அந்த இடத்தில் இசை ஏறினால் அழச் சொல்லிக் கட்டளை போடுகிற மாதிரி இருக்கும். காதொலிப்பானில் சரியாக இருப்பது அரங்கில் சரியாக இருக்காது. கூட்டத்துக்கு முந்தின நாள் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு முறை கேளுங்கள்.

தொடக்கத்தில் 5 நொடி, முடிவில் 10 நொடி கறுப்பு சேர்த்து ஏற்றுமதி செய்யுங்கள். இல்லாவிட்டால் கடைசிப் படம் மறைந்த உடனே கணினித் திரையும் அதில் கிடக்கிற கோப்புகளும் பெரிதாகத் தெரியும். கைதட்டலாமா வேண்டாமா என்று கூட்டம் தடுமாறுவதும் அந்த நொடியில்தான். தொகுத்து வழங்குபவரிடம் கறுப்புத் திரை முடியும்வரை வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

யூடியூபிலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள். நீங்கள் பணம் சம்பாதிக்க ஏற்பாடு செய்யாத சேனலாக இருந்தாலும் அவர்கள் விளம்பரம் வைக்கலாம், அவர்கள் விதிமுறையிலேயே அது இருக்கிறது. இறந்தவரின் முகத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பொருளின் விளம்பரம் வந்து நிற்பதை நான் ஒரு கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். கோப்பாகக் கணினியில் வைத்து, இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓட்டுங்கள்.

நீலலிட்மஸ்

பின்வரிசை, இன்று காலை எட்டு மணிக்குப் போய்ப் பதிவு செய்தேன். ஜன்னல் கொக்கி சத்தம் தானாகவே வந்து விழுந்திருக்கிறது. அதையே தொடக்கமாக வைத்துவிட்டேன்: கறுப்பு, கொக்கி சத்தம், பிறகு கதவு. இசை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

குரல் யார் கொடுப்பது? அறிவிப்பாளர் பயிற்சி பெற்ற மாணவி ஒருவர் இருக்கிறார், அழகான குரல்.

வெட்டுமேசை

அவர் அண்ணனை அறிந்தவரா? அறிந்தவர் என்றால் சரி. இல்லை என்றால் நீங்களே வாசியுங்கள். உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிற ஒருவருக்குச் சொல்கிற மாதிரி. மூன்று முறை பதிவு செய்தால் பெரும்பாலும் மூன்றாவதில் நடிப்பு குறைந்திருக்கும். வாக்கியத்துக்கு முன்னால் வருகிற மூச்சை வெட்டி எடுக்காதீர்கள். தொண்டை அடைக்கிற இடம் வந்தால் அந்தப் பதிவை விட்டுவிட்டு இன்னொன்று எடுங்கள். அழுகை கேட்பவர்களிடம் இருக்க வேண்டும், வாசிக்கிற குரலில் வேண்டாம்.

மழைக்குறிப்பு

கடைசி வாக்கியத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. குரல் கொஞ்சம் உடைந்தால் உடையட்டுமே. நண்பர் ஒருவர்தானே வாசிக்கிறார்.

நீலலிட்மஸ்

வாசித்துவிட்டேன். மூன்றாவதில் இல்லை, ஐந்தாவதில்தான் நின்றது. 'கோடு போடுவார்' என்ற இடத்தில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன்.

முத்திரை பற்றி: அவர் மனைவியிடமே கேட்டேன். "அட்டை போட்ட படம் இருந்தா வைங்க தம்பி, அவருக்கு அது பிடிக்கும்" என்றார்கள். அலுவலகத்திலும் அதைச் சொன்னேன். முத்திரையை மேடைப் பதாகையில் போட்டுக்கொள்கிறோம், முகவரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தொடக்கத்தில் முத்திரை வருமா என்று இன்னும் முடிவாகவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். என் கைபேசியில் அவர் அனுப்பிய குரல் செய்தி ஒன்று இருக்கிறது. 11 நொடி. "சாவி மேசை இழுப்பறையில இருக்கு. எடுத்துட்டு மறுபடி அங்கேயே வச்சிருப்பா." அவ்வளவுதான். முதல் வரியே சாவி என்பதால், கடைசிப் படத்துக்கு முன்னால் இதை வைக்கலாமா என்று தோன்றுகிறது. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு இது தாங்கவில்லை. அதனாலேயே வைக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

மழைக்குறிப்பு

சொல்லாமல் வைக்காதீர்கள். அம்மாவின் குரல் ஒரு உறவினர் வீட்டு விழாக் காணொளியில் திடீரென்று வந்தது. எனக்குக் கால் நிற்கவில்லை. முகத்துக்கு நாம் தயாராக இருக்கிறோம், குரலுக்கு இல்லை.

பின்வரிசை

நான் எதிர்ப்பக்கம் பார்த்திருக்கிறேன். கூட்டம் முடிந்த பிறகு ஒரு அம்மா என்னிடம் வந்து அந்தக் குரல் இருக்கிற இடத்தை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார். அரங்கு காலியான பிறகு நான்கு முறை போட்டேன்.

வெட்டுமேசை

இரண்டையும் நானும் பார்த்திருக்கிறேன். எந்தக் குடும்பம் எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல எனக்குத் தெரியாது. குரல் அவர்களுடையது, அதனால் முதலில் அவர்கள் கேட்கட்டும். வைப்பதாக இருந்தால் எடிட்டிங்கில் ஒன்று மட்டும்: அதற்கு முன்னால் 'மகள் சொன்னார்' வரி முடிந்து 6 நொடி இடைவெளி. செய்திக்கு மேல் எழுத்து போடவேண்டாம். படம் சாவி, வேறொன்றும் இல்லை.

நீலலிட்மஸ்

மகளுக்குக் குரல் செய்தியை அனுப்பி விவரம் சொன்னேன். "முதல்ல நான் தனியா கேக்கறேன் அண்ணா, அம்மாகிட்ட எப்ப சொல்றதுன்னு நான் பாத்துக்கறேன்" என்றார். அது நேற்று இரவு. இன்னும் பதில் வரவில்லை, நானும் கேட்கவில்லை.

காணொளி மற்ற எல்லா இடத்திலும் முடிந்துவிட்டது. இரண்டு வடிவமாக ஏற்றுமதி செய்து வைத்திருக்கிறேன். ஒன்றில் அந்த 11 நொடி குரல் இருக்கிறது. இன்னொன்றில் அதே 11 நொடிக்குச் சாவியின் படமும் ஆய்வகச் சத்தமும் மட்டும். வெள்ளிக்கிழமை மாலை கடைசி வரிசையில் உட்கார்ந்து இரண்டையும் கேட்கப் போகிறேன்.